காய் ஓராண்டு, மரம் நாலாண்டு: சிறு விளைகளில் பாட்டமும் நேர்விற்பனையும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மயிலாடியைச் சுற்றியுள்ள ஊர்களில் நாற்பது சென்ட், ஐம்பது சென்ட் விளை வைத்திருப்பவர்கள் ஏராளம். அதில் இருபது, இருபத்தைந்து தென்னை நிற்கும். ஓரத்தில் ஒரு மா, வேலியோரம் ஒரு புளி. உடைமைக்காரர் நாகர்கோவிலில் வேலை பார்ப்பார், அல்லது வெளிநாட்டில் இருப்பார், அல்லது மரமேறும் வயதைக் கடந்து வீட்டில் இருப்பார். இந்த மரங்களின் காயை ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசி ஒருவரிடம் பாட்டத்துக்கு விடலாம். அல்லது வெட்டுக்கு வெட்டு தானே ஆளை ஏற்றி, உரித்து, வடசேரி கனகமூலம் சந்தைக்கோ ஊர்க் கடைக்கோ விற்கலாம். எது லாபம்?

கேள்வி பழையது. வீட்டுத் திண்ணை, வருவாய்த்துறைக் கோப்பு, பொருளாதார நூல், தென்னை வாரியத்தின் கையேடு என்று ஒவ்வோர் இடத்திலும் அதற்கு வேறு வேறு பதில் கிடைக்கிறது. அந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் வலுவிழக்கின்றன என்று பார்ப்பதே இங்கு நோக்கம். மூன்று மரங்களில் தென்னைக்கே அதிக இடம் தரப்படுகிறது. இப்பகுதியில் வருமானம் பெரும்பாலும் அதிலிருந்து வருவது ஒரு காரணம். பாட்டத்தின் சிக்கல் முழுதாகத் தெரிவதும் தென்னையில்தான்.

பாட்டம் வந்த வழி

1956 நவம்பர் 1 வரை இந்த நிலம் திருவிதாங்கூரின், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதி. நிலத்தையும் மரத்தையும் தனித்தனியாக எண்ணும் பழக்கம் திருவிதாங்கூர் ஆட்சியில் வேரூன்றியிருந்தது. நெல்வயலுக்கு ஒரு வகைத் தீர்வை, விளைக்கு நிற்கும் மரங்களை எண்ணி வேறு வகைத் தீர்வை என்பது நீண்டகால நடைமுறை. 1865ஆம் ஆண்டின் பாட்டப் பிரகடனம் அரசு நிலத்தைப் பாட்டத்துக்கு வைத்திருந்தவர்களுக்கு உரிமை தந்தது. 1946இல் அடிப்படை நிலவரி வந்த பிறகே மரக்கணக்கு வரியிலிருந்து விலகியது.

வரியிலிருந்து விலகினாலும் வழக்கத்திலிருந்து விலகவில்லை. நிலம் ஒருவருக்கு, காய் இன்னொருவருக்கு என்ற ஏற்பாட்டில் இன்றும் இங்கு யாருக்கும் வியப்பில்லை. ஒற்றிக்கு வைத்த விளையில் கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகத் தேங்காய் எடுத்துக்கொள்வதும் இதே மரபு. பாட்டத்தைப் பற்றிப் பேசும்போது இந்த ஒற்றி நினைவை மறக்கக் கூடாது. பல வீடுகளில் பாட்டம் என்பது காய் விற்பனை போலத் தோன்றும் கடன். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ ஒரு மருத்துவச் செலவுக்கோ மூன்றாண்டுப் பாட்டத்தை முன்பணமாக வாங்கியவரிடம் போய், நேரே விற்றிருந்தால் கூடக் கிடைத்திருக்குமே என்று கணக்குக் காட்டுவதில் பொருளில்லை. அவர் அன்று விற்றது தேங்காயை அல்ல.

பாட்டமே மேல் என்பவர்கள்

பாட்டத்துக்கு ஆதரவான வாதம் இரண்டு திசைகளிலிருந்து வருகிறது. முதலாவது, பொருளாதார நூல்களிலிருந்து. விளைச்சலில் பங்கு கேட்கும் வாரமுறை உழைப்பவரின் ஊக்கத்தைக் குறைக்கும் என்று ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் எழுதினார். ஸ்டீவன் சியூங் 1969இல் அதை மறுத்தார். ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் 1974இல், வாரம் என்பது ஊக்கத்துக்கும் ஆபத்தைப் பகிர்வதற்கும் நடுவே செய்துகொள்ளும் சமரசம் என்று விளக்கினார். இந்த விவாதத்தில் நிலையான குத்தகைக்குக் கிடைத்த இடம் தெளிவானது: மழை பொய்த்தாலும் விலை சரிந்தாலும் உடைமைக்காரருக்குப் பேசிய பணம் வந்துவிடும், ஆபத்து முழுவதும் எடுத்தவர் தலையில். கூடுதல் விளைச்சலும் அவருக்கே என்பதால் முழு மனதோடு உழைப்பார்.

இரண்டாவது வாதம் மரமேறுவதிலிருந்து வருகிறது. இருபத்தைந்து மரத்துக்கு ஒருவரைத் தேடிப் பிடித்து வரவழைப்பது இன்று எளிதல்ல. ஆள் தட்டுப்பாட்டைக் கண்டே தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் இயந்திரம் கொண்டு மரமேறப் பயிற்சி தரும் ‘தென்னை மர நண்பர்கள்’ திட்டத்தைத் தொடங்கியது. பாட்டக்காரருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒரே ஊரில் முப்பது விளைகளை எடுத்திருப்பவர், நிரந்தரமாக இரண்டு வெட்டுக்காரர்களை வைத்துக்கொண்டு ஒரு தெருவையே ஒரே நாளில் முடித்துவிடுவார். ஒரே வண்டியில் காய் போய்விடும். அவருடைய லாபத்தில் ஒரு பங்கு நம்மை ஏமாற்றியதால் வருவதல்ல, நம்மால் முடியாத அளவில் வேலையைச் சேர்த்துச் செய்வதால் வருவது. பாட்டக்காரரை இடைத்தரகர் என்று ஒரே சொல்லில் ஒதுக்குபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

முதல் வாதத்தின் பலவீனம் வேறு. மார்ஷல் முதல் ஸ்டிக்லிட்ஸ் வரை எல்லோர் மனத்திலும் இருந்தது விதைத்து அறுக்கும் வயல். அங்கே குத்தகைக்காரர் உழவர். தென்னை விளையை எடுப்பவர் எதையும் விதைப்பதில்லை, ஏற்கெனவே காய்த்திருப்பதை வெட்டுகிறார். அவர் அறுவடைக்காரர், வணிகர். அவருடைய ஊக்கம் மரத்தைச் சேராது, குலையைத்தான் சேரும்.

நேரே விற்கச் சொல்பவர்கள்

எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்கள் வேளாண் விரிவாக்கத் துறையினரும் விவசாயிகள் சங்கங்களும். இவர்கள் வாதம் விலை ஏறும் ஆண்டுகளில் உரக்கக் கேட்கும். 2025இல் தேங்காய் கிலோ 60 ரூபாயைத் தாண்டியபோது, முந்தைய ஆண்டில் பாட்டம் பேசி முன்பணம் வாங்கியிருந்தவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு எண்ணெய்க் கொப்பரைக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். வெளிச்சந்தையில் விலை 20,000 ரூபாயைக் கடந்தது.

ஆனால் இதே சங்கங்கள் 2023இல் தெருவில் நின்றன. அப்போது ஆதரவு விலை 10,860 ரூபாயாக இருக்க, வெளிச்சந்தை அதற்குக் கீழே கிடந்தது. ரேஷன் கடைகளில் பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை தமிழகமெங்கும் எழுந்தது. அந்த ஆண்டில் பாட்டத்துக்கு விட்டிருந்தவர் நிம்மதியாக உறங்கினார். இரண்டே ஆண்டு இடைவெளியில் இரண்டு எதிரெதிர் பாடங்கள். ஒரே ஆண்டின் விலையை வைத்து எந்தப் பக்கத்தையும் நிறுவிவிடலாம் என்பதால்தான் இந்த விவாதம் ஓய்வதில்லை.

விலை சரியும்போது ஆதரவு விலைக்குக் கொப்பரையாகக் கொடுக்கலாமே என்ற யோசனையும் இந்தப் பக்கத்திலிருந்து வரும். இருபத்தைந்து மரக்காரருக்கு அது எட்டாத யோசனை. ஆயிரம் காய்க்குச் சுமார் 150 கிலோ கொப்பரை தேறும் என்று வைத்துக்கொண்டால், ஒரு வெட்டில் கிடைக்கும் முந்நூறு காயில் 45 கிலோ வரும், அரைக் குவிண்டால்கூட இல்லை. அதையும் 6 சதவீத ஈரத்துக்குள் உலர்த்த வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்கிற இந்த மாவட்டத்தில் ஜூன் மாதமும் ஐப்பசி கார்த்திகையும் கொப்பரையில் பூஞ்சணம் பிடிக்கும் காலம். சிறு விளைக்காரருக்கு நேர்விற்பனை என்றால் நடைமுறையில் உரித்த தேங்காய், அல்லது இளநீருக்காகக் கருக்கு.

ஒரு விளையின் கணக்கு

வாதங்களை எண்ணில் வைத்துப் பார்க்கலாம். கீழே உள்ள தொகைகள் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. கூலியும் விலையும் ஊருக்கு ஊர் மாறும், முறை மாறாது.

மயிலாடியில் நாற்பது சென்ட் விளை, காய்ப்பிலுள்ள இருபத்தைந்து நெட்டை மரங்கள். மரத்துக்கு ஆண்டுக்கு 80 காய் என்றால் மொத்தம் 2,000. எலி கடித்தது, சிறுத்தது, உள்ளே பருப்பில்லாதது என்று பத்திலொன்றைக் கழித்தால் விற்கத்தக்கவை 1,800. இரண்டு மாதத்துக்கு ஒரு வெட்டாக ஆண்டுக்கு ஆறு வெட்டு. மரமேற ஒரு மரத்துக்கு 40 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 6,000. உரிகூலி காய்க்கு ஒரு ரூபாயாக 1,800. வண்டி வாடகை வெட்டுக்கு 200 வீதம் 1,200. ஆக, நேரே விற்பதற்கான செலவு 9,000 ரூபாய். உரமும் நீரும் இரண்டு வழியிலும் உடைமைக்காரர் செலவு என்பதால் இங்கே சேர்க்கவில்லை.

பாட்டக்காரர் மரத்துக்கு 600 ரூபாய் வீதம் 15,000 ரூபாயை முன்பணமாகத் தருகிறார். நேரே விற்றால் காய்க்கு 15 ரூபாய் கிடைக்கும் ஆண்டில் வரவு 27,000, செலவு போக 18,000. பாட்டத்தைவிட 3,000 கூடுதல். விலை 10 ரூபாய்க்கு இறங்கினால் கையில் நிற்பது 9,000 மட்டும், பாட்டம் 6,000 ரூபாய் மேல். விலை 25 ஆனால் 36,000 நிற்கும், பாட்டத்துக்கு விட்டவர் 21,000 ரூபாயை இழந்திருப்பார்.

பாட்டத் தொகையையும் நேர்விற்பனைச் செலவையும் கூட்டி, விற்கத்தக்க காய்களால் வகுத்தால் இரண்டும் சமமாகும் விலை கிடைத்துவிடும். இந்த விளைக்கு 24,000 ஐ 1,800 ஆல் வகுக்க, 13 ரூபாய் 33 காசு. முன்பணம் முதல் நாளே வருகிறது, நேர்விற்பனைப் பணம் ஆண்டு முழுவதும் சிதறி வருகிறது என்பதால் சராசரியாக அரையாண்டு வட்டியையும் சேர்க்க வேண்டும். 12 சதவீத வட்டியில் அது 900 ரூபாய். அப்போது சமவிலை 13 ரூபாய் 83 காசு. வரும் ஆண்டின் சராசரி விலை அதற்கு மேலே நிற்கும் என்று நம்புகிறவர் நேரே விற்கலாம். ஆறு வெட்டு நாட்களில் விளையில் நின்று எண்ணுவதற்கான தன் நேரத்துக்கும் ஒரு விலை போட்டுக்கொள்வது நல்லது. போட்டால் சமவிலை இன்னும் ஏறும்.

இந்தக் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. மரமேறும் கூலி காய்க்கு அல்ல, மரத்துக்கு. மரத்துக்கு 80 காய் இருக்கும்போது ஒரு காயை இறக்க 3 ரூபாய் ஆகிறது. காய்ப்பு 40 ஆகக் குறைந்தால் அதே கூலி காய்க்கு 6 ரூபாய். பராமரிப்பில்லாத விளைக்காரர் நேரே விற்று நட்டப்படுவது பெரும்பாலும் சந்தை விலையால் அல்ல, இந்த இரட்டிப்பால்தான். அவருக்குப் பாட்டமும் குறைவாகவே வரும், ஏனென்றால் எடுப்பவருக்கும் இந்தக் கணக்கு தெரியும். உண்மையில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர் ஆள் மரத்தின் உச்சியில் ஏறிப் பார்த்தவர், உடைமைக்காரர் தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவர். எந்த மரம் எத்தனை காய் தந்தது என்று ஓராண்டு வெட்டுக்கு வெட்டு எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் இல்லாமல் பாட்டம் பேசுவது, எடுப்பவர் சொல்லும் எண்ணை ஏற்பது தவிர வேறில்லை. மரத்துக்குப் பெயிண்டில் எண் போட்டு இதைச் செய்ய ஆகும் செலவு மிகச் சொற்பம்.

நாற்பத்து நான்கு மாதம்

இதுவரை பார்த்தவை எல்லாம் ஓராண்டுக் கணக்கு. தென்னையின் கணக்கு ஓராண்டு அல்ல. பாளையின் முதல் மொட்டு குருத்துக்குள் உருவாவது முதல் பாளை வெடிப்பது வரை ஏறத்தாழ 32 மாதம். வெடித்த பாளையில் காய் முற்றப் பன்னிரண்டு மாதம். ஆக, இன்று வெட்டும் தேங்காய் 44 மாதங்களுக்கு முன்பே தொடங்கியது. இந்த ஆண்டு நீரும் உரமும் மறுக்கப்பட்ட மரம் அதன் பாதிப்பை ஒரு பகுதி குரும்பை உதிர்தலாக இப்போதே காட்டும். பெரும்பகுதியை இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தே காட்டும்.

என் பார்வையில் பாட்டமா நேர்விற்பனையா என்ற விவாதத்தின் நடு முடிச்சு இதுதான். ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ எடுத்தவர் உரம் போட்டால் அதன் பலன் அவருக்கு வராது, அடுத்தவருக்கே போகும். எனவே போடமாட்டார். அவரைக் குறை சொல்ல இடமில்லை. தவறு, போடுவார் என்று எதிர்பார்ப்பதில். மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. பாட்டத்துக்கு விட்ட பல விளைகளில் இதை யாரும் இடுவதில்லை. உடைமைக்காரர், மரம் இப்போது அவர் கையில் என்று நினைக்கிறார். எடுத்தவர், மரம் எப்போதும் அவருடையதுதானே என்று நினைக்கிறார். ஆறேழு ஆண்டில் காய்ப்பு பாதியாகும்போது, மரத்துக்கு வயதாகிவிட்டது என்று இருவரும் ஒரே குரலில் சொல்வார்கள்.

பாட்டத்தின் இறுதி வெட்டில் இந்தப் பிளவு கண்ணுக்குத் தெரியும். நல்ல தென்னையின் தலையில் எப்போதும் பன்னிரண்டு பருவத்துக் குலைகள் இருக்கும்: மேலே வெடித்த பாளை, அதற்குக் கீழே குரும்பை, கருக்கு, கடைசியில் முற்றிய காய். பாட்டம் முடியும் நாளில் மரத்திலிருக்கும் காயில் பெரும்பகுதி அடுத்த ஆண்டுக்கு உரியது. கடைசி வெட்டில் எட்டாம் மாதக் காயையும் சேர்த்து இறக்கிவிடும் ஆசை எடுத்தவருக்கு வருவது இயல்பு. அடையாளம் எளிது. முற்றிய காயை ஆட்டினால் தண்ணீர் குலுங்கும், முற்றாததில் நீர் நிறைந்திருப்பதால் சத்தமிராது. உடைத்தால் பருப்பு மெல்லியதாக இருக்கும், உலர்த்தினால் ரப்பர் போல் வளையும். வெட்டு முடிந்த பின் தலையை நிமிர்ந்து பார்த்து, கடைசிக் குலைக்கும் அதற்கு மேலிருக்கும் குலைக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்திருந்தால், அடுத்த இரண்டு வெட்டுகள் முன்னமே போய்விட்டன என்று பொருள்.

இன்னொரு சேதம் மெதுவாக வரும். குலையை எட்டுவதற்காகப் பச்சை ஓலையை அடியோடு வெட்டித் தள்ளும் அவசர வெட்டுக்காரர்கள் உண்டு. பச்சைக் காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். தவிர்க்க முடியாமல் பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர் விட்டு வெட்டச் சொல்கிறது பல்கலைக்கழகம். தண்டில் துளையும் பழுப்பு நீர்க்கசிவும் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். காய் போனால் அடுத்த வெட்டில் வரும். மரம் போனால் புது நெட்டை காய்க்க ஆறு முதல் எட்டு ஆண்டு. ஈத்தாமொழி நெட்டைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த மாவட்டத்தில், பாட்டத் தொகையைப் பத்து ரூபாய் கூட்டிப் பேசுவதில் காட்டும் கவனம் மரத்தின் தலைக்குக் கிடைப்பதில்லை.

மாவும் புளியும்

மாமரத்தில் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. இங்கே பாட்டம் பெரும்பாலும் ஒரு பருவத்துக்கு, அதையும் பூவில் பேசலாம், பிஞ்சில் பேசலாம், காய் திரண்ட பிறகும் பேசலாம். பூவில் பேசினால் தொகை குறைவு, மழையிலும் தத்துப்பூச்சியிலும் பூ கருகும் ஆபத்து எடுத்தவருடையது. திரண்ட காயில் பேசினால் தொகை கூடும், ஆபத்து அதுவரை உடைமைக்காரருடையது. வீட்டு மரமாகச் செங்கவருக்கை வைத்திருப்பவருக்கு நேர்விற்பனையே எளிது. பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் பழம் அது, நாலு வீட்டிலேயே விற்றுத் தீரும். பல ஆண்டுப் பாட்டமாக மாவை விடுபவர் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். முன்கூட்டிப் பூக்க வைப்பதற்காக வேரில் ஊற்றும் பேக்ளோபியூட்ரசால், அளவு மீறினால் துளிரைக் குறுக்கி மரத்தைப் பல ஆண்டு முடக்கிவிடும். அதை ஊற்றியவர் அப்போது இருக்கமாட்டார்.

புளிக்குப் பாட்டமே பொருத்தம் என்று தோன்றுகிறது. ஆண்டுக்கு ஒரே அறுவடை, மாசி பங்குனியில். ஓராண்டு காய்த்தால் மறு ஆண்டு குறையும் மரம் அது. பறித்து, ஓடு உடைத்து, நார் நீக்கி, கொட்டை எடுப்பது பலர் பல நாள் உட்கார்ந்து செய்யும் வேலை. அத்தனைக்கும் பிறகு காயின் எடையில் சதையாக நிற்பது பாதியை ஒட்டித்தான். ஒற்றை மரத்துக்காக இந்த ஏற்பாட்டைச் செய்வது கட்டாது. நெடுஞ்சாலைத் துறையும் ஊராட்சிகளும் சாலையோரப் புளியமரங்களை ஆண்டுதோறும் ஏலம் விடுவதால் விலை தெரிந்துகொள்ள ஒரு பொது வழியும் இருக்கிறது. அந்த ஏலத் தொகையை விசாரித்துவிட்டுத் தன் மரத்துக்குப் பேசுவது நல்ல பழக்கம். கம்பால் அடித்து உதிர்த்தால் இளங்கிளைகள் முறிந்து அடுத்த காய்ப்பு கெடும் என்பதால், உலுக்கிப் பறிக்க வேண்டும் என்று பேச்சிலேயே சேர்த்துவிடலாம்.

சட்டம் எங்கே நிற்கிறது

பாட்டத்துக்கு விடத் தயங்குபவர்கள் சொல்லும் பெரிய அச்சம், எடுத்தவர் நிலத்திலேயே உரிமை கொண்டாடுவாரோ என்பது. குடிவாரச் சட்டங்களை நேரில் கண்ட தலைமுறையின் அச்சம் அது. ஆனால் தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் (1955) பாதுகாப்பது, குத்தகை ஒப்பந்தத்தின் கீழ் நிலத்தில் தானோ தன் குடும்பத்தாரோ உடலுழைப்பைச் செலுத்திப் பயிர் செய்பவரை. ஆண்டுக்கு ஆறு முறை வந்து காய் வெட்டிப் போகிறவர் அந்த வரையறைக்குள் எளிதில் அடங்கமாட்டார். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் மரத்திலுள்ள பழத்தையும் மரத்தில் ஊறும் சாற்றையும் அசையும் சொத்து என்றே வகைப்படுத்துகிறது. நிற்கும் காயை ஒரு பருவத்துக்கு விற்பது சரக்கு விற்பனைக்கு நெருக்கமானது.

ஆண்டுகள் நீள நீளச் சிக்கல் தொடங்கும். பிறர் நிலத்தில் பல ஆண்டு நுழைந்து விளைபொருளை எடுக்கும் உரிமை நிலத்திலுள்ள நலனாகவே கருதப்படலாம் என்ற திசையில் உச்ச நீதிமன்றம் 1958இல் சாந்தாபாய் வழக்கிலும் அதைத் தொடர்ந்த வழக்குகளிலும் பேசியிருக்கிறது. அந்த வழக்குகள் காட்டு மரங்களையும் பீடி இலையையும் பற்றியவை, தென்னையை அல்ல. எனினும் ஓராண்டுக்கு மேற்பட்ட பாட்டத்தை வெறும் வாய்ப்பேச்சில் விடாமலிருக்க அது போதுமான காரணம். எடுத்தவருக்கு ஊடுபயிர் வைக்க இடம் கொடுத்துவிட்டால் கதை இன்னும் மாறும். அப்போது அவர் பயிர் செய்பவராகிறார்.

சட்டத்தைவிட அன்றாடத்தில் அதிகம் உரசுவது எழுதப்படாத சிறு விஷயங்கள். இரண்டு வெட்டுக்கு நடுவே குறைந்தது எத்தனை நாள், கடைசி வெட்டு எந்தத் தேதிக்குள், தானே விழும் காய் யாருக்கு, ஓலையும் கொதும்பும் கதம்பையும் யாருக்கு, வெட்டுக்காரர் தவறி விழுந்தால் மருத்துவச் செலவு யாருக்கு. 2017 நவம்பர் 30 அன்று ஓக்கி புயல் இந்த மாவட்டத்தின் தென்னைகளைச் சாய்த்தபோது எழுந்திருக்கக்கூடிய கேள்வியையும் இதில் சேர்க்க வேண்டும்: முன்பணம் கொடுத்த மரம் விழுந்தால் மீதித் தொகை திரும்புமா? தென்னை மரக் காப்பீடு இதற்கு உதவாது. அது மரத்தின் சாவுக்கு உடைமைக்காரருக்குத் தருவது, காய்க்கு அல்ல. ஒரே இடத்தில் ஐந்து நல்ல மரங்களாவது இருந்தால் சிறு விளையையும் சேர்க்கலாம் என்பது அதன் பயன்.

நடுவழிகள்

முழுப் பாட்டத்துக்கும் முழு நேர்விற்பனைக்கும் இடையில் ஊர்வழக்கிலேயே ஒரு முறை இருக்கிறது. வியாபாரி தன் ஆளைக் கொண்டு வெட்டி, விளையிலேயே எண்ணி, அன்றைய விலைக்கு வெட்டுக்கு வெட்டு பணம் கொடுப்பது. மரமேறும் தொல்லை உடைமைக்காரருக்கு இல்லை, விலை ஏறினால் அவருக்கும் கிடைக்கும். தகராறு எண்ணிக்கையில் வரும். நூற்றுக்கு மேல் சில காயை இலவசமாக எடுக்கும் ‘லாபக்காய்’ வழக்கம் தமிழகத்தின் பல தென்னைப் பகுதிகளில் உண்டு. சிறு காயை இரண்டுக்கு ஒன்றாக எண்ணுவதும் உண்டு. வடசேரி விலையில் காய்க்கு இவ்வளவு கழிவு என்று ஆண்டு முழுவதற்கும் ஒரே தொகையைப் பேசிவிட்டு, எடைக்கு விற்பது இந்தத் தகராறில் பெரும்பகுதியைக் குறைக்கக்கூடும். முன்பணம் தேவைப்படாதவருக்கு, விலை நிலையற்ற இக்காலத்தில், இதுவே கூடுதல் பொருத்தமாகத் தெரிகிறது. மரத்தின் பராமரிப்பு யார் பொறுப்பு என்ற குழப்பமும் இதில் இல்லை, மரம் ஒருநாளும் கைமாறுவதில்லை.

பல சிறு விளைக்காரர்கள் சேர்ந்து உற்பத்தியாளர் சங்கம் அமைத்து விற்பது வாரியம் சொல்லும் வழி. பாட்டக்காரர் தனியாளாகச் செய்யும் சேர்ப்பு வேலையைத்தான் அது கூட்டாகச் செய்ய முயல்கிறது. முப்பது விளைக்கு ஒரே வெட்டு அட்டவணை, ஒரே வண்டி. ஆனால் சங்கம் முன்பணம் தராது. பாட்டத்தை நாடுபவர்களில் எத்தனை பேர் கடனுக்காக நாடுகிறார்கள், எத்தனை பேர் தொல்லை தவிர்க்க நாடுகிறார்கள் என்பதைப் பிரித்து அறியாமல் கூட்டு முறையின் எல்லையைச் சொல்ல முடியாது. முதல் வகையினருக்கு வேண்டியது கூட்டுறவு வங்கியில் எளிதான சிறு கடன், இரண்டாம் வகையினருக்கு வேண்டியது நம்பகமான வெட்டுக்காரர்.

நீண்டகாலப் பாட்டத்தில் உரச்செலவைப் பாட்டத் தொகையிலிருந்து கழித்துக்கொள்ளும் ஏற்பாடு எடுப்பவரின் ஊக்கத்தை மாற்றுமா என்பதும் இன்னும் திறந்தே கிடக்கிறது. 44 மாதத்தை மூடும் அளவுக்கு, அதாவது குறைந்தது நான்கு ஐந்து ஆண்டுக்குப் பாட்டம் நீண்டால் உரமிடுவது எடுப்பவருக்கே லாபமாகலாம். ஆனால் அதே நீளம்தான் நிலத்தில் உரிமைச் சிக்கலைக் கொண்டுவருவதும், 2023க்கும் 2025க்கும் இடையே கண்டதைப் போன்ற விலைத் தாவலை ஒருவர் தலையில் மட்டும் இறக்குவதும். தொகையை ஆண்டுதோறும் சந்தை விலையோடு கட்டிவைத்து, கடைசி இரண்டு ஆண்டு உரத்துக்கு உடைமைக்காரர் பொறுப்பேற்று, காலத்தை மட்டும் நீட்டும் பதிவு செய்த பாட்டம் ஒன்றை எழுத முடியும். மயிலாடி போன்ற ஊரில் இருபத்தைந்து மரத்துக்காக இருவர் அதற்கான பத்திரச் செலவை ஏற்பார்களா என்பது வேறு கேள்வி.